பில்லுக்குள் ஒளிந்திருந்த 831 ரூபாய்

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். காலை பதினொரு மணி, கடையில் கூட்டம். ஏஜென்சி வண்டி வந்து நிற்கிறது. பையன்கள் பெட்டிகளை இறக்கி அடுக்குகிறார்கள். வண்டியோடு வந்தவர் பில்லை நீட்டி, "அண்ணாச்சி, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார். அண்ணாச்சி பெட்டிகளை எண்ணுகிறார், பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்க்கிறார், கையெழுத்துப் போடுகிறார். நடுவில் இருக்கும் பத்திகளை அந்த அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

தவறு பெரும்பாலும் அந்த நடுப் பத்திகளில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் அடித்த பில் கணக்கில் தவறாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பெருக்கலும் கூட்டலும் தவறாது என்பது வரைக்கும் அது உண்மை. ஆனால் எந்த எண்ணை எந்த எண்ணோடு பெருக்க வேண்டும் என்பதை ஒரு மனிதர்தான் ஒருநாள் உட்கார்ந்து அமைத்துவைத்தார். அந்த அமைப்பு தவறாக இருந்தால், இயந்திரம் அதே தவறை ஒவ்வொரு பில்லிலும் பிசகாமல் செய்துகொண்டே இருக்கும்.

அண்ணாச்சி கைக்கு வந்த பில் இதுதான். விளக்கத்துக்காக அமைத்த மாதிரி பில் என்றாலும், வரி வீதங்கள் இப்போது நடப்பில் இருப்பவை. தவறுகளும் கடைகளில் வழக்கமாகப் பார்க்கிறவைதான். விற்பவர், வாங்குபவர் இருவரும் தமிழ்நாடு என்பதால் ஜிஎஸ்டி இரண்டாகப் பிரிந்து, பாதி மத்திய வரியாகவும் பாதி மாநில வரியாகவும் போடப்பட்டிருக்கிறது. இடம் கருதி ஒரு பாதியை மட்டும் இங்கே காட்டியிருக்கிறோம்.

| பொருள் | எண்ணிக்கை × விலை | தொகை | தள்ளுபடி | வரிக்குரிய மதிப்பு | வரி வீதம் | மத்திய வரி |
|---|---|---|---|---|---|---|
| குளியல் சோப்பு | 144 × 31.50 | 4,536.00 | 181.44 | 4,354.56 | 5% | 108.86 |
| சலவைப் பவுடர் | 60 × 118.00 | 7,080.00 | 354.00 | 6,726.00 | 18% | 637.20 |
| நெய் அரை லிட்டர் | 24 × 290.00 | 6,960.00 | – | 6,960.00 | 5% | 174.00 |
| டூத்பேஸ்ட் | 72 × 84.50 | 6,084.00 | 182.52 | 5,901.48 | 18% | 531.13 |
| தரை துடைக்கும் திரவம் | 36 × 92.00 | 3,312.00 | – | 3,312.00 | 18% | 298.08 |
| மொத்தம் | | | | 27,254.04 | | 1,749.27 |

இதன் கீழே மாநில வரி இன்னொரு 1,749.27. ரவுண்ட் ஆஃப் 42 பைசா. செலுத்த வேண்டிய தொகை 30,753 ரூபாய்.

கால்குலேட்டரை எடுத்து முதலில் படுக்கை வாக்கில் போவோம். எண்ணிக்கையை விலையால் பெருக்கித் தள்ளுபடியைக் கழித்தால் ஐந்து வரிகளும் சரியாக வருகின்றன. அடுத்து மேலிருந்து கீழாக வரிக்குரிய மதிப்பைக் கூட்டினால் 27,254.04, சரி. வரிப் பத்தியைக் கூட்டினால் 1,749.27, அதுவும் சரி. மதிப்போடு இரண்டு பாதி வரிகளையும் சேர்த்தால் 30,752.58. ரவுண்ட் ஆஃப் சேர்த்தால் 30,753. எல்லாக் கூட்டலும் பொருந்துகிறது. பில்லைச் சரிபார்க்கிறவர்களில் பலர் இந்த இடத்தில் திருப்தியோடு நிறுத்திவிடுவார்கள். இந்த பில்லிலோ 831 ரூபாய் அதிகமாக உட்கார்ந்திருக்கிறது.

காரணம் எளிது. கூட்டல் சரிபார்ப்பு என்பது பத்தியில் இருக்கும் எண்கள் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டுமே சொல்லும். அந்த எண்கள் அங்கே வந்த விதம் சரியா என்று அது சொல்லாது. வரிப் பத்தியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் தனக்கு இடப்பக்கத்தில் இருக்கும் மதிப்பிலிருந்துதான் பிறந்ததா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கேட்டால் நேரம் பிடிக்கும். ஐந்து பொருள் என்றால் பரவாயில்லை, ஐம்பது பொருள் இருக்கும் பில்களும் வரும். அதற்குக் கணக்கர்கள் பயன்படுத்தும் குறுக்கு வழி, ஒரே வீதத்தில் வரும் பொருள்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது. 5 சதவீதப் பொருள்கள் சோப்பும் நெய்யும், மதிப்பு 11,314.56. ஐந்து சதவீதம் என்பது இருபதில் ஒரு பங்கு, ஆக 565.73. பில்லில் இந்த இரண்டுக்கும் இரண்டு பாதி வரியும் சேர்த்து 565.72. ஒரு பைசா வித்தியாசம், அது ஏன் என்று பிறகு பார்க்கலாம். இந்தக் குழு சரி.

18 சதவீதம் என்று போட்டிருக்கும் மூன்று பொருள்களின் மதிப்பு 15,939.48. பதினெட்டை மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. இருபது சதவீதத்தை எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பதினெட்டு வந்துவிடும். இருபது சதவீதம் 3,187.90. பத்தில் ஒன்றான 318.79-ஐக் கழித்தால் 2,869.11. பில் என்ன சொல்கிறது? 637.20, 531.13, 298.08 மூன்றையும் கூட்டி இரட்டித்தால் 2,932.82. வித்தியாசம் 63.71 ரூபாய்.

இந்த 63.71 எங்கிருந்து வந்தது என்று வரி வரியாகத் தேடத் தேவையில்லை. அது வரியில் வந்த வித்தியாசம் என்பதால் வரி வீதத்தாலேயே வகுத்துப் பார்க்கலாம். 63.71-ஐ 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 353.94. ஏறத்தாழ 354 ரூபாய்க்குத் தேவையில்லாமல் வரி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பில்லில் 354 என்ற எண் எங்கே இருக்கிறது? சலவைப் பவுடரின் தள்ளுபடிப் பத்தியில். ஆக, தள்ளுபடியைக் கழித்துக் காட்டிவிட்டு, வரியை மட்டும் கழிப்பதற்கு முந்தைய 7,080 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். 6,726 ரூபாய்க்குப் பாதி வரி 605.34 தான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, சரக்கு கொடுக்கும்போதே கொடுத்து பில்லிலும் காட்டிய தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது. அதே பிரிவு எதிர்ப்பக்கத்திலும் ஒன்றைச் சொல்கிறது: பேக்கிங் செலவும் லாரி வாடகையும் விற்பவர் பில்லிலேயே வசூலித்தால் அவை மதிப்பில் சேரும், அவற்றுக்கும் வரி உண்டு. மொத்தமெல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியில் 'வண்டி வாடகை 400' என்று வரியில்லாமல் ஒட்டிய பில்லைக் கண்டால், கூட்டல் சரியாக இருந்தாலும் வரிசை தவறு என்று அறியலாம்.

சலவைப் பவுடரில் நடந்தது எக்செல்லில் பில் போடும் சிறு ஏஜென்சிகளில் வருகிற கோளாறு. பில்லில் தொகை D பத்தியிலும், தள்ளுபடி கழித்த மதிப்பு F பத்தியிலும், வரி வீதம் G பத்தியிலும் இருப்பதாகக் கொண்டால், பாதி வரிக்கான சூத்திரம் இப்படி இருக்க வேண்டும்:

```
=ROUND(F3*G3/200,2)
```

யாரோ ஒருநாள் அந்த ஒரு வரியில் F3 இருக்க வேண்டிய இடத்தில் D3 என்று மாற்றிவிட்டார்கள். தள்ளுபடி இல்லாத மாதங்களில் D-யும் F-உம் ஒரே எண்ணாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. தள்ளுபடி வந்த மாதத்தில்தான் தவறு உயிர்பெற்றது.

இன்னும் 767 ரூபாய் பாக்கி இருக்கிறது. அதைக் கால்குலேட்டரால் கண்டுபிடிக்கவே முடியாது. டூத்பேஸ்ட் வரியைப் பாருங்கள். 5,901.48 ரூபாய்க்கு 9 சதவீதம் 531.13. கணக்கு கச்சிதம். ஆனால் டூத்பேஸ்டுக்கு 18 சதவீதம் இப்போது கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி வீதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5-க்கும் 18-க்கும் பிரிந்து போயின. அதோடு 18-இல் இருந்த குளியல் சோப்பு, டூத்பேஸ்ட், ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போன்றவை 5-க்கு இறங்கின. நெய் 12-இலிருந்து 5-க்கு வந்தது. சலவைப் பவுடர் 18-இலேயே நின்றுவிட்டது. சோப்புக்கு ஒரு வீதம், சோப்புத் தூளுக்கு வேறு வீதம் என்பது கடைக்காரருக்கே விசித்திரமாகத்தான் இருக்கும். பில் போடும் பையன் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை. சோப்புக்கு வீதத்தை மாற்றியவர் டூத்பேஸ்டுக்கு மாற்ற மறந்திருக்கிறார்.

5 சதவீதத்தில் டூத்பேஸ்டின் பாதி வரி 147.54, இரண்டும் சேர்ந்து 295.08. பில்லில் 1,062.26. அதிகம் 767.18. சலவைப் பவுடரின் 63.72-ஐச் சேர்த்தால் 830.90. சரியான பில் 29,921.68, ரவுண்ட் ஆஃப் செய்தால் 29,922. வந்த பில்லுக்கும் அதற்கும் 831 ரூபாய் வித்தியாசம். சலவைப் பவுடருக்கு மேலே 63.71 என்றும் இங்கே 63.72 என்றும் வருவது பைசா திருத்தத்தால்தான்.

வீதத் தவறைப் பிடிக்க ஒரே வழி, அடிக்கடி வாங்கும் பொருள்களுக்கு எச்.எஸ்.என். எண்ணும் வீதமும் எழுதிய ஒரு தாளைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டிவைப்பது. டூத்பேஸ்ட் 3306, சோப்பு 3401, சலவைப் பவுடர் 3402, நெய் 0405. நூறு பொருள் விற்கும் கடைக்கு ஒரு பக்கம் போதும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய பெரிய ஏஜென்சிகள் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து க்யூஆர் குறியோடு தர வேண்டும். அந்தத் தளம் மதிப்பு, வீதம், வரி மூன்றும் பொருந்துகின்றனவா என்று தானே பார்க்கும். சலவைப் பவுடர் தவறு அங்கே சிக்கியிருக்கும். டூத்பேஸ்ட் தவறோ அங்கேயும் தப்பிவிடலாம், ஏனென்றால் 18 என்று எழுதியவர் 18-க்குத்தான் கணக்கும் போட்டிருக்கிறார். க்யூஆர் குறி இருக்கிறதே என்று வீதத்தைப் பார்க்காமல் விடுவது சரியல்ல.

விலையிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. 'எல்லாம் சேர்த்து 118 ரூபாய்' என்று ஆர்டர் எடுக்க வந்தவர் வாயால் சொல்லியிருப்பார். பில்லில் 118-க்கு மேல் 18 சதவீதம் ஏறியிருக்கும். வரி உள்ளடங்கிய விலையிலிருந்து வரியைப் பிரிக்க 1.18-ஆல் வகுக்க வேண்டும். 118-இல் 100 கிடைக்கும். சிலர் 118-இலேயே 18 சதவீதத்தைக் கழித்து 96.76 என்று எடுத்துக்கொள்வார்கள். அதுவும் தவறுதான், இந்த முறை கடைக்காரருக்குச் சாதகமாக.

எல்லா வித்தியாசமும் தவறு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பில்லைப் பார்க்கிறவர் பைசாவுக்குப் பைசா சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். சோப்புக்கு வரி மொத்தமாக 217.73, ஆனால் பில்லில் இரண்டு 108.86 சேர்ந்து 217.72. ஒவ்வொரு பாதியையும் தனியாகப் பைசாவுக்குத் திருத்துவதால் வரும் வித்தியாசம் இது. விலைப் பத்தியிலும் அப்படி நேரும். ஏஜென்சியின் விலை உண்மையில் 31.4967 ஆக இருக்கலாம், பில்லில் 31.50 என்று அச்சாகும். அச்சான விலையில் அரைப் பைசா வரை ஒளிந்திருக்கலாம் என்பதால், 144 சோப்புக்கு 72 பைசா வரை தொகை மாறினால் அதை விட்டுவிடலாம். அதே சோப்பில் இரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தால் விடக்கூடாது. எண்ணிக்கையை அரைப் பைசாவால் பெருக்கினால் எதுவரை விடலாம் என்ற எல்லை கிடைத்துவிடும்.

ரவுண்ட் ஆஃப் வரியைத் தனியாக ஒரு பார்வை பார்க்க வேண்டும். மொத்தத்தை அருகிலுள்ள முழு ரூபாய்க்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. 50 பைசாவுக்கு மேல் அங்கே எதுவும் இருக்க வழியில்லை. 'ரவுண்ட் ஆஃப் 7.40' என்று ஒரு பில் வந்தால், மேலே எங்கோ இடித்த கணக்கை யாரோ அந்த இடத்தில் போட்டு மூடியிருக்கிறார்கள்.

கையால் எழுதும் பில் புத்தகங்கள் இன்னும் ஒழிந்துவிடவில்லை. காய்கறி மண்டி, விறகுக் கடை, சிறு பட்டறைகளில் அவைதான் ஓடுகின்றன. அங்கே தவறின் ஜாதி வேறு: கூட்டலே இடிக்கும். அப்போது வித்தியாசத் தொகையே துப்புச் சொல்லும். வித்தியாசம் பில்லில் உள்ள ஏதாவது ஒரு வரியின் தொகைக்குச் சமமாக இருந்தால் அந்த வரி கூட்டலில் விட்டுப்போயிருக்கிறது. எக்செல்லில் கடைசியாக ஒரு பொருளைச் சேர்க்கும்போது கூட்டல் சூத்திரம் அதுவரை நீளாமல் நின்றுவிட்டாலும் இதேதான் நடக்கும். வித்தியாசத்தில் பாதி ஒரு தள்ளுபடித் தொகையாக இருந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறார்கள். வித்தியாசம் 9-ஆல் மிச்சமின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 3,312-ஐ 3,132 என்று எழுதிவிட்டால் 180 குறையும். 180-ஐ 9-ஆல் வகுத்தால் 20.

ஒன்பதில் மந்திரம் எதுவும் இல்லை. நூறாம் இடத்தில் இருக்க வேண்டிய 3 பத்தாம் இடத்துக்கு இறங்கினால் 300 போய் 30 வரும். பத்தாம் இடத்து 1 மேலே ஏறினால் 10 போய் 100 வரும். இரண்டு மாற்றமுமே ஒன்பதின் மடங்குதான். ஆனால் முழு ரூபாயில் வரும் வித்தியாசங்களில் ஒன்பதில் ஒன்று தற்செயலாகவே 9-ஆல் வகுபடும் என்பதால் இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. புதுச்சேரி ஏஜென்சி கடலூர்க் கடைக்குச் சரக்கு அனுப்பினால் இரண்டு பாதி வரி வராது, ஒரே ஐஜிஎஸ்டிதான் வர வேண்டும். தொகை எப்படிப் போட்டாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் கூட்டலில் இது தெரியாது. எண்களின் தலையைப் பார்த்தால்தான் தெரியும்.

அண்ணாச்சியின் 831 ரூபாய்க்கு வருவோம். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது அவர் எந்த வகையில் பதிவு செய்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சாதாரணப் பதிவு என்றால் கொடுத்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஏஜென்சிக்காரர் சமாதானப்படுத்துவார். 18 கொடுத்து வாங்கிய டூத்பேஸ்டை 5-க்கு விற்றால் அந்த வித்தியாசம் கணக்கில் தேங்கிக் கிடக்கும் என்பதையும், சட்டப்படி வரவேண்டிய வரிக்கு மேல் எடுத்த கழிவைப் பின்னால் அதிகாரி கேள்வி கேட்கலாம் என்பதையும் அவர் சொல்லமாட்டார். அண்ணாச்சி காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கதையே வேறு. விற்றுமுதலில் ஒரு சதவீதம் மட்டும் கட்டும் அந்தத் திட்டத்தில் உள்ளீட்டு வரிக் கழிவே கிடையாது. 831 ரூபாயும் நேராகக் கைநஷ்டம்.

தவறு தெரிந்ததும் பில்லில் பேனாவால் அடித்துத் திருத்திக் கையெழுத்து வாங்கிக்கொள்வது பழைய பழக்கம். இன்று அதனால் பலன் இல்லை, ஏனென்றால் வாங்குபவரின் கணக்கில் ஏறுவது ஏஜென்சி தன் ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையில் பதியும் எண்தான். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அதன் கெடு அடுத்த மாதம் 11-ஆம் தேதி. அதற்குள் சொன்னால் பில்லையே திருத்தி அல்லது ரத்துசெய்து புதிதாகப் போட்டுத் தரலாம். க்யூஆர் குறியுள்ள பில்லை அரசுத் தளத்தில் ரத்துசெய்ய வேண்டுமானால் 24 மணி நேரம்தான் அவகாசம். அந்தக் கெடு தாண்டிவிட்டால் 34-ஆம் பிரிவுப்படி கிரெடிட் நோட் வாங்க வேண்டும். 'அடுத்த பில்லில் கழிச்சுக்கலாம் அண்ணாச்சி' என்ற பதிலுக்குத் தலையாட்ட வேண்டாம். அடுத்த பில்லில் கழிப்பது தள்ளுபடியாகத்தான் பதிவாகும்; தவறான வரி இரண்டு பேர் கணக்கிலும் அப்படியே நின்றுவிடும்.

கிரெடிட் நோட் வந்ததும் அதையும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். தவறான இரண்டு வரிகளையும் முழுதாகத் திருப்பிவிட்டுச் சரியான வீதத்தில் புது பில் தந்தாலும் சரி, வேறு விதமாகச் செய்தாலும் சரி, முடிவில் இந்தச் சரக்குக்கு மத்திய வரியில் 415.45, மாநில வரியில் 415.45 குறைந்திருக்க வேண்டும்.